பூட்டு திறக்கும் தேதியும் விலையில் விழும் பள்ளமும்

2022 ஜூலை 23, சனிக்கிழமை. ஸொமேட்டோ நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்து ஓராண்டு முடிந்திருந்தது. பங்கு வெளியீட்டுக்கு முன்பே பணம் போட்டவர்கள் ஓராண்டுக்கு விற்கக் கூடாது என்றிருந்த தடை அன்றோடு விலகியது. சுமார் 613 கோடி பங்குகள், அதாவது மொத்தத்தில் முக்கால் பங்குக்கும் மேல், விற்பனைக்குத் தகுதி பெற்றன. இப்படி நடக்கும் என்பது ஓராண்டுக்கு முன்பே ஊருக்கெல்லாம் தெரியும். ஆனாலும் திங்கட்கிழமை விலை 11 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 76 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட பங்கு 46 ரூபாய் வரை இறங்கியது.

தெரிந்த செய்திக்கே சந்தை இப்படிச் சரியுமா என்று அப்போது பலர் வியந்தார்கள். கிரிப்டோ சந்தையில் இந்தக் காட்சி ஏதாவது ஒரு டோக்கனில் அடிக்கடி நடக்கும். அங்கே இதற்கு 'டோக்கன் அன்லாக்' என்று பெயர். ஒரு பிளாக்செயினை உருவாக்கிய குழுவினருக்கும், தொடக்கத்தில் முதலீடு செய்தவர்களுக்கும் ஒதுக்கிய டோக்கன்கள் சில காலம் பூட்டி வைக்கப்படும். பிறகு குறித்த தேதியில் மொத்தமாகவோ, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகவோ கைக்கு வரும். மொத்தமாக வருவதை 'கிளிஃப்' என்பார்கள். சிறுகச் சிறுக வருவது 'லீனியர்'.

பங்குச் சந்தைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பங்குச் சந்தை மாலையில் மூடும், சனி ஞாயிறு விடுமுறை, குறியீடு அளவுக்கு மீறி விழுந்தால் வர்த்தகமே நிறுத்தப்படும். கிரிப்டோவில் இவை எதுவும் இல்லை. இருபத்துநான்கு மணி நேரமும் நடக்கிற சந்தையில் 'கேப்' எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. வரும், நடுச்சாமத்திலும் வரும். அதற்கு முன், அன்லாக் என்பது நடைமுறையில் என்ன என்பதை ஒரே ஓர் உதாரணத்தில் முழுதாகப் பார்த்துவிடலாம்.

ஆர்பிட்ரம்: ஒரே வாரத்தில் இரண்டு தேதிகள்

எத்தீரியம் வலையமைப்பின் மேல் இயங்கும் துணைவலை ஆர்பிட்ரம். எத்தீரியத்தில் நேரடியாகப் பணம் அனுப்பக் கட்டணம் அதிகம் என்பதால், பரிவர்த்தனைகளைத் தொகுத்துக் குறைந்த கட்டணத்தில் முடித்துத் தருவது இதன் வேலை. 2023 மார்ச் 23 அன்று இதன் டோக்கன் பயனாளர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. திரையில் இதன் பெயர் ARB. மொத்தம் 1,000 கோடி டோக்கன்கள். அவற்றில் பயனாளர்களுக்கும் ஆர்பிட்ரத்தில் இயங்கும் சமூக அமைப்புகளுக்கும் போனது 127.5 கோடி. குழுவினருக்கும் ஆலோசகர்களுக்கும் 26.94 சதவீதம், முதலீட்டாளர்களுக்கு 17.53 சதவீதம் ஒதுக்கப்பட்டன. இந்த இரண்டு பங்குகளுக்கும் நான்கு ஆண்டுப் பூட்டு. முதல் ஆண்டு முடிவில் கால்வாசி ஒரேயடியாகத் திறக்கும். மீதி 36 மாதங்களில் சமமாகத் திறக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும். குழுவினரின் கால்வாசி 67.35 கோடி டோக்கன், முதலீட்டாளர்களின் கால்வாசி ஏறக்குறைய 43.8 கோடி. இரண்டும் சேர்ந்து 111 கோடிக்கு மேல். இதைத் தொடக்கத்தில் வழங்கிய 127.5 கோடியோடு ஒப்பிட்டால் 87 சதவீதம் வருகிறது. கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு டோக்கன், ஒரே நாளில். அந்த நாள் 2024 மார்ச் 16.

இதை எந்தப் பரபரப்புச் செய்தியையும் நம்பாமல் யார் வேண்டுமானாலும் கணக்கிட்டிருக்கலாம். ஒதுக்கீட்டு விவரம் பொதுவெளியில் இருந்தது, பூட்டின் விதியும் இருந்தது. அன்லாக் அட்டவணைகளைத் தொகுத்துத் தரும் இணையதளங்கள் பல இருக்கின்றன. அவை காட்டும் ஒற்றைச் சதவீதத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. யாருக்குப் போகிறது என்பதே முக்கியம். அறக்கட்டளையின் கஜானாவுக்குப் போகும் டோக்கனும் அட்டவணையில் 'திறந்தது' என்றே காட்டும், ஆனால் அது மறுநாளே சந்தைக்கு வருவது அரிது. துணிகர முதலீட்டு நிறுவனத்துக்குப் போவது அப்படியல்ல. ஆர்பிட்ரத்தை உருவாக்கிய ஆஃப்செயின் லேப்ஸ், 2021 ஆகஸ்டில் 12 கோடி டாலர் திரட்டியபோது நிறுவனத்தின் மதிப்பு 120 கோடி டாலர் என்று வைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் டோக்கன் 2 டாலரைச் சுற்றி விலைபோனது. 1,000 கோடி டோக்கனுக்கும் அந்த விலையைப் போட்டால் 2,000 கோடி டாலர். நிறுவனப் பங்கும் டோக்கனும் ஒன்றல்ல என்றாலும், முதலில் வந்தவர்கள் எந்த உயரத்தில் நின்று சந்தையைப் பார்த்தார்கள் என்பதற்கு இது போதும். விலை பாதியானாலும் அவர்களுக்குப் பெரும் லாபம்தான். நமக்கு வலிக்கிற விலை அவர்களுக்கு வலிக்காது.

இதே வாரத்தில் இன்னொரு தேதியும் இருந்தது. மார்ச் 13, இந்திய நேரம் மாலை 7.25 மணிக்கு எத்தீரியத்தில் 'டென்கன்' என்ற மேம்பாடு செயலுக்கு வந்தது. ஆர்பிட்ரம் போன்ற துணைவலைகள் தங்கள் தரவை எத்தீரியத்தில் பதிய 'பிளாப்' என்னும் தனி இடத்தை அது உருவாக்கித் தந்தது. அதுவரை விலை உயர்ந்த பொது இடத்தில் பதிந்துவந்த தரவு, மலிவான இடத்துக்கு மாறியது. ஆர்பிட்ரம் பயனாளர்களின் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் மேம்பாடு முழு வெற்றி.

"டென்கன் வருகிறது, துணைவலை டோக்கன்களை வாங்கு" என்பது அதற்கு முன் பல மாதங்களாகச் சந்தையில் ஒலித்த பேச்சு. 2024 ஜனவரியில் ஆர்பிட்ரம் டோக்கன் 2.40 டாலரை ஒட்டிப் போனதில் இந்த எதிர்பார்ப்புக்கும் பங்குண்டு. அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேம்பாட்டின் பலன் டோக்கனுக்கு வருகிறதா? ஆர்பிட்ரம் டோக்கன் வாக்களிக்கும் உரிமை தருகிறது. வலையமைப்பு ஈட்டும் கட்டணம் டோக்கன் வைத்திருப்பவரின் கணக்கில் வந்து சேர்வதில்லை. கட்டணம் குறைந்ததால் லாபம் அடைந்தவர் பயனாளர். டோக்கன் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது நல்ல செய்தி மட்டும்.

பிறகு நடந்தது இது. மார்ச் 14 அன்று பிட்காயின் 73,700 டாலரைத் தொட்டு, அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. மறுநாளே சரியத் தொடங்கியது. 16 ஆம் தேதி சனிக்கிழமை, சிகாகோ சந்தையின் பிட்காயின் ஃப்யூச்சர்ஸ் மூடியிருந்த நேரத்தில், ஆர்பிட்ரத்தின் பூட்டு திறந்தது. அடுத்த சில நாள்களில் பிட்காயின் 61,000 டாலர் அருகே வந்தது, ஆர்பிட்ரம் ஒன்றரை டாலரை நெருங்கியது. அன்லாக்தான் காரணம் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சந்தையே இறங்கிய வாரத்தில் ஒரு டோக்கன் இறங்கியதற்கு அன்லாக் எவ்வளவு காரணம் என்பதை டாலர் விலையை வைத்துச் சொல்ல முடியாது. ஆர்பிட்ரம் விலையை எத்தீரியம் விலையால் வகுத்து, அந்த விகிதத்தின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். பொதுச் சரிவு இரண்டிலும் இருப்பதால் கழிந்துவிடும், டோக்கனின் சொந்தப் பலவீனம் மட்டும் மிஞ்சும். அந்த விகிதம் அன்லாக் நாளுக்கு வெகு முன்பிருந்தே இறங்குமுகமாக இருந்தால், விற்க நினைத்தவர்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு வழியில் விற்றுவருகிறார்கள் என்று பொருள்.

உண்மையான அடி அந்தச் சனிக்கிழமையில் இல்லை. அதற்குப் பிறகு மாதந்தோறும் 9 கோடியே 26 லட்சம் டோக்கன் திறந்துகொண்டே இருந்தது. 2024 ஆகஸ்டில் விலை 60 சென்ட்டுக்குக் கீழே கிடந்தது. மார்ச் 16 ஒரு நாள் மட்டும் கண்கொத்திப் பாம்பாக இருந்து, "பெரிதாக ஒன்றும் ஆகவில்லையே" என்று 17 ஆம் தேதி வாங்கியவர்கள் இந்தச் சொட்டுநீர் விற்பனையில்தான் நனைந்தார்கள்.

பூட்டியிருக்கும்போதே விற்பது எப்படி?

பூட்டிய டோக்கனை எப்படி விற்க முடியும் என்ற சந்தேகம் நியாயமானது. பதில் ஃப்யூச்சர்ஸ் சந்தையில் இருக்கிறது. கிரிப்டோவில் 'பெர்ப்பெச்சுவல்' என்ற காலாவதி இல்லாத ஃப்யூச்சர்ஸ் உண்டு. பேச்சு வழக்கில் 'பெர்ப்'. கையில் பூட்டிய டோக்கன் வைத்திருக்கும் நிதியம், அதே அளவுக்குப் பெர்ப்பில் ஷார்ட் எடுத்துவிட்டால் இன்றைய விலை அதற்கு உறுதியாகிவிடும். விலை இறங்கினால் டோக்கனில் நட்டம், ஷார்ட்டில் லாபம். அன்லாக் ஆனதும் டோக்கனை விற்று, ஷார்ட்டைத் திரும்ப வாங்கி மூடிவிடும். கவனியுங்கள்: அன்லாக் நாளில் அந்த நிதியம் ஒரு பக்கம் விற்கிறது, இன்னொரு பக்கம் அதே அளவு வாங்குகிறது. விலையை அழுத்திய விற்பனை வாரக்கணக்குக்கு முன்பே முடிந்துவிட்டது.

2024 அக்டோபர் இறுதியில் செலஸ்டியா என்ற பிளாக்செயினின் டோக்கனில் சுமார் 17.5 கோடி ஒரே நாளில் திறந்தது. புழக்கத்தில் இருந்ததோடு ஒப்பிட மிகப் பெரிய அளவு. விலை சரிந்தே தீரும் என்று சிறு வியாபாரிகள் பலர் ஷார்ட்டில் இருந்தார்கள். அன்லாக்கை ஒட்டிய நாள்களில் 5 டாலருக்குக் கீழே இருந்த விலை, அமெரிக்கத் தேர்தலுக்குப் பின் சந்தை முழுவதும் எழுந்தபோது தானும் எழுந்து, டிசம்பர் தொடக்கத்தில் 8 டாலரைத் தாண்டியது. ஷார்ட்டில் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தவர்கள் கணக்கு காலி.

கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அறிய ஒரு நல்ல அளவுகோல் உண்டு. அது 'ஃபண்டிங் ரேட்'. பெர்ப் விலை ஸ்பாட் விலையை விட்டு விலகாமல் இருக்க, பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு தரப்பு மறுதரப்புக்குப் பணம் தர வேண்டும். ஷார்ட் எடுத்தவர்கள் மிகுந்துவிட்டால் ஃபண்டிங் மைனஸில் போகும். அப்போது ஷார்ட்காரர் லாங்காருக்குப் படியளக்க வேண்டும். 4 லட்சம் ரூபாய்க்கு ஷார்ட் எடுத்திருக்கிறீர்கள், ஃபண்டிங் மைனஸ் 0.1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 400 ரூபாய், நாளைக்கு 1,200, அன்லாக்குக்கு முந்தைய பத்து நாளில் 12,000 ரூபாய். விலை 3 சதவீதம் இறங்கினால்தான் போட்டது வரும். ஃபண்டிங் ஆழமாக மைனஸில் இருக்கும்போது புதிதாக ஷார்ட் எடுப்பது, வாடகை கொடுத்துக் கூட்ட நெரிசலுக்குள் நுழைவதுதான்.

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் 'மெர்ஜ்' மேம்பாட்டை முடித்தபோது இதன் வேறொரு வடிவம் தெரிந்தது. பழைய முறையிலேயே தொடர விரும்பியவர்கள் தனியாகப் பிரிந்து போனால், எத்தீரியம் வைத்திருப்பவர்களுக்குப் புது நாணயம் இலவசமாகக் கிடைக்கும் என்ற நிலை. அதற்காகப் பலர் எத்தீரியத்தை வாங்கி வைத்துக்கொண்டு, விலை அபாயத்தைத் தவிர்க்கப் பெர்ப்பில் ஷார்ட் எடுத்தார்கள். ஃபண்டிங் கடும் மைனஸுக்குப் போனது. மேம்பாடு ஒரு பிசகும் இல்லாமல் முடிந்தது. 1,600 டாலர் அருகே இருந்த விலை ஒரு வாரத்தில் 1,300க்குக் கீழே வந்துவிட்டது. இலவச நாணயத்துக்காக வாங்கியவர்களுக்கு வைத்திருக்கக் காரணம் இல்லாமல் போனது, எதிர்பார்ப்பில் வாங்கியவர்களுக்கு எதிர்பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. போதாததற்கு, அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி உயர்வும் அதே வாரத்தில் வந்தது.

எதிர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 12 அன்று 'ஷப்பெல்லா' மேம்பாடு வந்தது. ஸ்டேக்கிங்கில் அடைபட்டிருந்த எத்தீரியத்தை முதன்முறையாக எடுக்க வழி திறந்தது. வெள்ளம்போல் விற்பனை வரும் என்ற பயம். ஆனால் வெளியேற ஒரு வரிசை வைத்திருந்தார்கள். அன்றைய விதிப்படி நாளொன்றுக்குச் சுமார் 1,800 வேலிடேட்டர்கள்தான் வெளியேற முடியும். ஒவ்வொருவரிடமும் 32 எத்தீரியம், ஆக ஒரு நாளைக்கு அசல் 57,600 மட்டுமே வெளிவர முடியும். எத்தீரியத்தின் அன்றாட வர்த்தகத்துக்கு முன் இது சுண்டைக்காய். இரண்டு நாளில் விலை 2,100 டாலரைத் தொட்டது. எவ்வளவு திறக்கிறது என்பதைவிட, எந்த வேகத்தில் வெளிவர முடியும் என்பதே அங்கே விஷயமாக இருந்தது.

ஸ்டாப் லாஸ் காப்பாற்றாத இடம்

இப்போது கேப்புக்கு வருவோம். எப்போதும் திறந்திருக்கும் சந்தையில் கேப் என்பது நேரத்தில் விழும் இடைவெளி அல்ல, ஆர்டர் புக்கில் விழும் இடைவெளி. வாங்க நிற்பவர்கள் சட்டென்று விலகிவிட்டால், 190க்கும் 175க்கும் நடுவே ஆளே இருக்க மாட்டார்கள். விலை அந்த இடத்தைத் தாண்டித்தான் போகும். வழக்கமாக இரு பக்கமும் ஆர்டர் வைத்துச் சந்தையை நிரப்பும் மார்க்கெட் மேக்கர்கள், பெரிய தேதிகளை ஒட்டித் தங்கள் ஆர்டர்களைக் குறைத்துக்கொள்வது சகஜம். எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாத நேரத்தில் அவர்கள் ஏன் அடிவாங்க நிற்க வேண்டும்? வார இறுதியும் சேர்ந்தால் புத்தகம் இன்னும் மெலியும்.

ஒரு கற்பனைக் கணக்கு. 200 ரூபாய் விலையில் 2,000 டோக்கன் வாங்கியிருக்கிறீர்கள், மொத்தம் 4 லட்சம். 190 ரூபாயில் ஸ்டாப் லாஸ். நட்டம் 20,000 ரூபாயோடு நிற்கும் என்பது உங்கள் நம்பிக்கை. ஸ்டாப் லாஸ் என்பது அந்த விலையில் விற்றுத் தருகிறேன் என்ற உத்தரவாதம் அல்ல. அந்த விலை தொட்டதும், கிடைத்த விலைக்கு விற்றுவிடு என்ற கட்டளை, அவ்வளவே. கட்டளை பாயும்போது 190 ரூபாயில் 300 டோக்கனுக்கும், 186இல் 500க்கும், 175இல் 1,200க்கும்தான் ஆள் இருக்கிறார்கள் என்றால், உங்களுக்குக் கிடைப்பது 57,000, 93,000, 2,10,000 ரூபாய். மொத்தம் 3,60,000, சராசரி 180 ரூபாய். நட்டம் 40,000, நினைத்ததைப் போல் இரண்டு மடங்கு.

இதைத் தவிர்க்க 'ஸ்டாப் லிமிட்' இருக்கிறதே என்பார்கள். 190இல் தூண்டு, 188க்குக் கீழே விற்காதே என்று போடலாம். மேலே சொன்ன புத்தகத்தில் முதல் 300 டோக்கன் போகும். மீதி 1,700 விற்காமல் உங்கள் தலையில் நிற்கும், விலையோ 175இல் இருக்கும். கெட்ட விலைக்கு விற்பதா, விற்காமலே மாட்டிக்கொள்வதா என்பதுதான் தேர்வு. கேப் வருகிற நாளில் மூன்றாவது வழி கிடையாது.

இதன் உச்சத்தை 2025 அக்டோபரில் பார்த்தோம். சீனாமீது கூடுதலாக 100 சதவீத வரி என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்தார். இந்திய நேரப்படி அக்டோபர் 11, சனிக்கிழமை அதிகாலை. அமெரிக்கப் பங்குச் சந்தை வாரத்துக்கு மூடிவிட்டிருந்தது, கிரிப்டோ திறந்திருந்தது. ஒரு நாளில் சுமார் 1,900 கோடி டாலர் மதிப்புள்ள பொசிஷன்கள் வலுக்கட்டாயமாக மூடப்பட்டன. பிட்காயினைவிடச் சிறு டோக்கன்கள் பல மடங்கு விழுந்தன. சிலவற்றின் விலை சில நிமிடங்களுக்குப் பாதிக்கும் கீழே போய்த் திரும்பியது.

அன்று அதிகம் பேசப்படாமல் போன ஒரு விஷயம், ஹெட்ஜ் செய்தவர்களும் அடிவாங்கியது. ஒரு டோக்கனில் லாங், இன்னொன்றில் ஷார்ட் என்று சமன் செய்து வைத்திருந்தவருக்கு, சந்தை விழுந்தால் ஷார்ட்டில் லாபம் வந்து மறுபக்க நட்டத்தை ஈடுகட்ட வேண்டும். ஆனால் நட்டமடைந்தவர்களின் மார்ஜின் தீர்ந்து, எக்ஸ்சேஞ்சின் காப்பு நிதியும் போதாத நிலையில், 'ஆட்டோ டீலீவரேஜிங்' என்ற விதி செயலுக்கு வரும். லாபத்தில் இருப்பவரின் பொசிஷனை எக்ஸ்சேஞ்சே மூடிவிடும். ஷார்ட் காலை வெட்டிவிட்டார்கள், லாங் கால் மட்டும் நிற்கிறது, விலை இன்னும் விழுகிறது. காகிதத்தில் சமனாக இருந்த கணக்கு அந்த நிமிடத்திலிருந்து சமனில்லை. இந்த விதி பெரும்பாலான கிரிப்டோ ஃப்யூச்சர்ஸ் எக்ஸ்சேஞ்சுகளின் நிபந்தனைகளில் ஏதாவது ஒரு வடிவில் எழுதியிருக்கும். கணக்கு திறக்கும்போது யாரும் படிப்பதில்லை.

டிரம்பின் அறிவிப்பு எந்த அன்லாக் அட்டவணையிலும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்லாக் தேதிக்காக ஒரு பொசிஷனில் உட்கார்ந்திருப்பவரை, அந்தத் தேதிக்குச் சம்பந்தமே இல்லாத செய்திதான் பெரும்பாலும் கவிழ்க்கிறது. நாள்காட்டியில் குறித்த நிகழ்ச்சி அவரை அங்கே உட்காரவைத்தது, அதுதான் அதன் பங்கு.

அளவுதான் கையில் இருக்கிறது

எனவே இந்தத் தேதிகளை ஒட்டி வியாபாரம் செய்கிறவர்கள் அளவைக் கேப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். உங்கள் மூலதனம் 10 லட்சம், ஒரு வியாபாரத்தில் 2 சதவீதம், அதாவது 20,000 ரூபாய்வரை இழக்கத் தயார் என்று கொள்வோம். ஸ்டாப் 5 சதவீதத்தில் இருக்கிறது என்று நம்பினால் 4 லட்சத்துக்கு வாங்கலாம் என்று கணக்கு வரும். சாதாரண நாளில் இது சரி. அன்லாக் வாரத்தில் 5 சதவீதத்துக்குப் பதிலாக, அந்தக் குறிப்பிட்ட டோக்கன் கடந்த ஓராண்டில் சில மணி நேரத்தில் கண்ட மிக மோசமான சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அது 25 சதவீதம் என்றால், 20,000 ரூபாய் நட்டத்துக்கு இடம் தரும் அளவு 80,000 ரூபாய்தான். ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவில் என்ன லாபம் வந்துவிடும் என்று தோன்றினால், அந்த எண்ணம் சரியானது. பெரும்பாலான அன்லாக்குகள் சிறு வியாபாரிக்கு அந்த அபாயத்துக்கு ஏற்ற கூலி தருவதில்லை.

லீவரேஜ் எடுப்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். ஐந்து மடங்கு லீவரேஜில் அதே 4 லட்சத்துக்கு 80,000 ரூபாய் மார்ஜின் போதும். ஆனால் 20 சதவீத அசைவு வருவதற்கு முன்பே கணக்கு மூடப்படும், விலை அரைமணியில் திரும்பி வந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. அப்படியும் எடுப்பதென்றால் 'ஐசொலேட்டட்' மார்ஜினில் எடுங்கள். போனால் அந்த 80,000 மட்டும் போகும். 'க்ராஸ்' என்று வைத்திருந்தால் கணக்கில் கிடக்கும் மற்றப் பணத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

மேம்பாட்டு நாளுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. வலையமைப்பு மேம்படும் நேரத்தில் எக்ஸ்சேஞ்சுகள் அந்த நாணயத்தின் வரவையும் எடுப்பையும் நிறுத்திவைப்பது வழக்கம். வர்த்தகம் நடக்கும், ஆனால் வெளியே வாலெட்டில் வைத்திருப்பதை உள்ளே கொண்டுவந்து விற்கவோ மார்ஜினுக்குச் சேர்க்கவோ முடியாது. தேவையான பணத்தை முந்தைய நாளே உள்ளே வைத்திருக்க வேண்டும். தேதியும் கல்வெட்டு அல்ல. 2025 பிப்ரவரியில் எத்தீரியத்தின் 'பெக்ட்ரா' மேம்பாட்டை ஹோலஸ்கி என்ற சோதனை வலையில் ஓட்டியபோது, தவறான அமைப்பினால் அந்த வலை இரண்டு வாரம் போலத் திணறியது. முதன்மை வலைக்கு அது மே 7 அன்றுதான் வந்தது. சோதனை வலையில் நடப்பதைக் கவனித்தவர்களுக்குத் தாமதம் ஆச்சரியமாக இருந்திருக்காது. மே 8 அன்று எத்தீரியம் ஒரே நாளில் சுமார் 20 சதவீதம் உயர்ந்தது, அமெரிக்க-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தச் செய்தியும் அன்றுதான் வந்தது. மெர்ஜ் போல இதுவும் 'செய்தி வந்ததும் விற்பனை'யில் முடியும் என்று ஷார்ட் எடுத்தவர்களுக்குக் கேப் மேல்நோக்கி விழுந்தது.

அன்லாக் முடிந்த பிறகு பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. டோக்கன்கள் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போகின்றன என்பது பிளாக் எக்ஸ்ப்ளோரரில் எல்லாருக்கும் தெரியும். பூட்டு திறந்த டோக்கன் எக்ஸ்சேஞ்சின் டெபாசிட் முகவரிக்குப் போகிறதா, ஸ்டேக்கிங் ஒப்பந்தத்துக்குப் போகிறதா, அசையாமல் கிடக்கிறதா? எக்ஸ்சேஞ்சுக்குப் போனால் விற்பனை நெருங்குகிறது என்று கொள்ளலாம். நேரடிப் பேரத்தில் கைமாறினால் இந்த வழியில் தெரியாமல் போகலாம், அது இதன் எல்லை.

கடைசியாக இந்திய வாசகர்களுக்கு ஒரு கணக்கு. 2022 ஏப்ரல் முதல் டோக்கன் விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். அந்த ஆண்டு ஜூலையிலிருந்து விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது. அது பின்னால் வரியில் கழியும் என்றாலும், அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். ஒரு டோக்கனில் வந்த நட்டத்தை இன்னொரு டோக்கனின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. ஓர் அன்லாக்கில் 10,000 ரூபாய் சம்பாதித்து, அடுத்த அன்லாக்கில் 10,000 ரூபாய் இழந்தவருக்குக் கையில் மிச்சம் பூஜ்யம், கட்ட வேண்டிய வரி 3,120 ரூபாய். அன்லாக் அட்டவணையைத் திறப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.